‘முருகா’ ‘முர்கா’ ஆகாமல்

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, மற்றதெல்லாம் பழையபடிதான்.

நல்லூர்த் தேருக்கு எங்கடை ஊர்ப் பொடியள் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். சினிமா மெட்டுப் பாட்டு வேண்டாம், புதிதாக எழுதித் தாங்கோ என்று வந்து நின்றார்கள். அவர்களே ஒரு பல்லவியும் கொண்டுவந்தார்கள். தாளம் திஸ்ரம், ஒக்டபாட்டில் நிமிடத்துக்கு 130 தட்டு. கேட்கத் துள்ளலாகத்தான் இருந்தது. ஆனால் ‘முருகா’ என்ற இடமெல்லாம் ‘முர்கா’ என்றே காதில் விழுந்தது.

காரணம் பாடியவர்களிடம் இல்லை. மு, ரு இரண்டும் குறில், கா நெடில். ஆக நாலு மாத்திரை. அதைத் திஸ்ரத்தின் ‘தகிட’ என்ற மூன்று மாத்திரைக்குள் அடைத்தால் நடுவில் உள்ள ரு நசிந்துபோகும். தட்டை 100க்கு இறக்கிப் பார்த்தோம், அப்போதும் நசிந்தது. பிறகு பெயருக்கு இரண்டு தகிட கொடுத்தேன். முதல் தகிடவில் ‘த’ வெறுமை, கியிலும் டவிலும் முரு. அடுத்த தகிட முழுவதும் கா, கார்வையோடு. மத்தளம் அந்த இடத்தில் ஒரே ஒரு அடி. பெயர் தெளிந்து வந்ததும் பொடியளே தட்டை மெதுவாக்கச் சொன்னார்கள்.

சொல்லில்தான் கனக்க நேரம் போனது. “உன் விழி பார்த்து மயங்கினேன்” என்று எழுதியிருந்தார்கள். முருகனின் பெயரை எடுத்துவிட்டு ஒரு பெட்டையின் பெயரைப் போட்டுப் பாடச் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லாமல் காதல் பாட்டாகிவிட்டது. நீ, வா என்று உரிமையோடு கூப்பிடுவதில் எனக்குக் குறையில்லை, சுந்தரர் தம்பிரான் தோழர் அல்லவா. ஆனால் நல்லூர் மூலஸ்தானத்தில் நிற்பது வேல், மச்சான். அங்கே விழி எங்கே? பொடியள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருவன், “அப்ப வேலைத்தானே பாடவேணும்” என்றான். இருந்து இப்படி எழுதினோம்:

வேலன் வாச லோர மாக
வெயிலில் வந்து நின்ற போது
கூர்ந்த வேலின் ஒளியி லெந்தன்
கோணல் யாவும் நீங்கு தையா

ஒற்றெழுத்தை எண்ணாமல் பார்த்தால், கடைசித் ‘தையா’ தவிர ஒவ்வொரு சீரும் மூன்று மாத்திரை, காவடிச் சிந்து மாதிரித் தானாக நடக்கும். இதையே ஒக்டபாட்டை நிறுத்திவிட்டு வெறும் தாளத்தோடு பாடவைத்தேன். அடுப்படியில் நின்ற அம்மா கரண்டியை வைத்துவிட்டு வந்து, கைகூப்பிக் கேட்டா. அதன்பிறகுதான் ஒக்டபாட்டைத் திரும்பப் போடவிட்டேன்.

சரணம் ஒன்றுதான் குறைகிறது, தீர்த்தத்தைப் பற்றி இருந்தால் நல்லது. தேர் திருவிழாவின் 24ஆம் நாள், அதற்கு முந்தின கிழமைக்குள் பொடியள் பாடிப் பழகவேண்டும். நாலு வரி எழுதி அனுப்பு. ‘முருகா’ வரவேண்டுமென்றால் இரண்டு தகிட விட்டு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்