ஜரிகை கறுத்தது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஒரு முகூர்த்தப் புடவையின் படம் இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி, "இது உங்க கடையில எடுத்ததா?" என்று கேட்டீர்கள். ஆமாம், எங்கள் கடையில் எடுத்ததுதான். கரை கறுத்திருப்பதும் உண்மைதான். ஆனால் படத்துக்குக் கீழே யாரோ எழுதிய "டூப்ளிகேட் ஜரிகை" என்ற இரண்டு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அசல் ஜரிகை என்பது தங்கக் கம்பி அல்ல. நடுவில் சிவப்புப் பட்டு நூல், அதன் மேல் தட்டையாக அடித்த வெள்ளித் தகட்டுச் சுற்று, அதற்கும் மேலே மெல்லிய தங்க முலாம். எடையில் தங்கம் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூடத் தொடாது. முலாம் தேய்ந்த இடத்திலும், மடிப்பில் தகட்டுச் சுற்று விரிந்த இடத்திலும் வெள்ளி வெளியே தெரியும். காற்றில் கந்தக வாடை இருந்தால் வெள்ளி கறுக்கும். வீட்டுக் குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்த வெள்ளிக் கிண்ணம் கறுப்பதும் இதே சங்கதிதான். 'டெஸ்டட்' என்கிற ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கும். அது இன்னும் சீக்கிரம் மங்கும். பிளாஸ்டிக் ஜரிகையோ கறுக்கவே கறுக்காது, உரிந்துதான் போகும். கறுத்தது என்பதால் அசல் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கறுத்தது என்பதாலேயே போலி என்றும் ஆகிவிடாது.

அந்தப் புடவையை வாங்கியவர்கள் எதிரிலேயே முந்தானை ஓரத்திலிருந்து விரற்கடை அளவு ஜரிகை இழை எடுத்து, முறுக்கைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே சிவப்புப் பட்டு. அதைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. பாலியஸ்டர் என்றால் உருகி மணியாகக் கெட்டிப்பட்டிருக்கும். தகட்டைக் கத்தி முனையால் அழுத்திச் சுரண்டினோம். அழுத்திச் சுரண்டுவது முக்கியம், ஏனென்றால் டெஸ்டட் ஜரிகையிலும் முலாமுக்கு அடியில் மெல்லிய வெள்ளிப் பூச்சு உண்டு. அதையும் தாண்டிப் போனால்தான் செம்பின் சிவப்பு தெரியும். இதில் கடைசி வரை வெள்ளைதான்.

அப்படியானால் ஏன் கறுத்தது? கறுப்பு விழுந்திருந்த விதமே அதைச் சொன்னது. புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தபோது மேலே தெரிந்த பக்கம் கறுத்திருந்தது, உள் மடிப்புகள் அப்படியே மஞ்சளாக இருந்தன. ஜரிகையே கெட்டது என்றால் உள்ளும் புறமும் ஒன்றாகக் கறுத்திருக்க வேண்டும். இரண்டாவது, மேல் மடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, அடுத்த மடிப்பில் கொஞ்சம் மங்கலாக, மூன்றாவதில் நிழலாக. பிளவுஸ் துணியோடு சேர்த்துக் கட்டியிருந்த ரப்பர் பேண்டின் தடம் அது. ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள்; வெள்ளிக்கு அதைவிடப் பெரிய பகை இல்லை. மூன்றாவது, இடுப்பில் சொருகும் பக்கத்தில் கரை மங்கிச் சொரசொரப்பாக இருந்தது. அது வியர்வை உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சித்திரை முகூர்த்தத்தில் கட்டி, அன்று ராத்திரியே மடித்து, பையில் போட்டு பீரோவில் வைத்தாயிற்று. அடுத்த மாதமே இடவப்பாதி மழை. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் காற்றிலேயே உப்பு. (பை எங்கள் கடைப் பைதான். அந்தப் பிளாஸ்டிக் கவர் வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இனி துணிப்பை தருகிறோம்.)

கட்டின புடவையை அன்றே மடிக்காதீர்கள். வெயில் படாத அறையில் சுத்தமான விரிப்பின் மேல் பரத்தி, மின்விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி கிடக்கட்டும். கயிற்றுக் கொடியில் போட்டால் கயிற்றின் பிசிர் ஜரிகையைப் பிடித்து இழுக்கும். சென்ட் அடிப்பதாக இருந்தால் புடவை கட்டுவதற்கு முன்பே அடித்து, உடம்பில் காய்ந்த பிறகு கட்டுங்கள். ஈரம் போன பிறகு, கஞ்சியும் நீலமும் போடாமல் அலசிக் காயவைத்த பழைய ஒற்றை வேட்டியில் சுற்றி வையுங்கள். கஞ்சி வாடைக்குப் பூச்சி வரும். ஜரிகைப் பக்கம் உள்ளே போகிற மாதிரி, இறுக்காமல் மடிக்க வேண்டும். மேலே வேறு புடவைகளை அடுக்கக் கூடாது. பாச்சை உருண்டை புடவையைத் தொடக் கூடாது; எங்களைக் கேட்டால் துணியில் முடிந்த வசம்பே போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரித்து, பழைய மடிப்பு விழுந்த இடத்தில் மறுபடி விழாதபடி மாற்றி மடியுங்கள். ஒரே இடத்தில் மடிந்தால் தகடு அங்கே ஒடிந்து, முனை நீட்டிக்கொள்ளும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை என்பதால், மழை பெய்கிற நாளில் பிரிக்க வேண்டாம். தை, மாசியின் காய்ந்த நாட்கள் இதற்கு நல்லது.

கறுத்த பிறகு புளி, எலுமிச்சை, பற்பசை, விபூதி எதுவும் தொடக் கூடாது. கிண்ணத்தைத் துலக்கினால் உள்ளேயும் வெள்ளிதான் இருக்கும். ஜரிகையைத் துலக்கினால் மிச்சமிருக்கும் முலாமும் போய், புளிநீர் உள்ளிருக்கும் பட்டில் இறங்கிவிடும். மெல்லிய மல் துணியால், ஜரிகை ஓடும் திசையிலேயே, ஈரமில்லாமல் லேசாகத் துடைத்துப் பாருங்கள். புதிய கறுப்பு கொஞ்சம் போகும். ஆறு மாதத்துக்கு மேல் ஊறிய கறுப்பு பாலிஷ் போட்டாலும் முழுக்கப் போகாது. அதை நாங்கள் மழுப்ப விரும்பவில்லை.

பிசிறு விழுவது பெரும்பாலும் கீழ்க்கரையில், மெட்டியும் கொலுசும் உரசுகிற இடத்தில். ஓர் இழை வெளியே வந்துவிட்டால் இழுக்காதீர்கள். இழுத்தால் கரை சாண் நீளத்துக்குச் சுருங்கும். மழுங்கிய ஊசியால் அடிப்பக்கம் தள்ளிவிட்டால் போதும். ஃபால்ஸ் துணியைத் தைக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள், தையல் ஜரிகைத் தகட்டைக் குத்தாமல் கரை ஓரத்துப் பட்டில் ஓடட்டும். இஸ்திரி அடிப்பக்கத்தில் மட்டும், நடுவில் பருத்தித் துணி வைத்து, தண்ணீர் தெளிக்காமல்.

அந்தக் குடும்பத்தாரின் புடவையை எங்கள் செலவிலேயே பாலிஷுக்கு அனுப்பியிருக்கிறோம். அவர்கள் மேல் எங்களுக்கு வருத்தம் ஏதும் இல்லை. கல்யாணப் புடவை கறுத்தால் யாருக்கும் மனம் பதறும். படத்தைப் பார்த்த பிறகும் ஆடித் தள்ளுபடிக்கு வழக்கம்போல் வந்து நின்ற தக்கலை, கோட்டாறு, வடசேரி அக்காமாருக்கும், "விசாரிச்சிட்டுப் பேசுங்க" என்று குரூப்பில் எங்களுக்காக எழுதிய அம்மாமாருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் புடவையைக் கொண்டுவாருங்கள். இழை பிரித்துக் காட்டுவதற்குக் காசில்லை. பாலிஷ் கூலி மட்டும் ஆவணி முதல் தேதியிலிருந்து சற்று ஏறுகிறது. கொண்டுவரும்போது ரப்பர் பேண்ட் போடாமல், அதே பழைய மடிப்பிலேயே கொண்டுவாருங்கள். மடிப்பைக் கலைத்துவிட்டால் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
நாகர்கோவில்