ரெண்டு பக்கத்தையும் சேர்க்க வேண்டாம்மா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னதை ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். ஹார்டுவேர் கடைக்கு ஒரு பேஸ்புக் பக்கம், எலக்ட்ரிகல் கடைக்கு ஒன்று என்று எதற்குப்பா, ரெண்டும் நம்முடையதுதானே, சேர்த்துவிட்டால் குழப்பமே இருக்காது என்றாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன், சேர்க்க வேண்டாம். குழப்பம் வந்தது நிஜம்தான். ஆனால் அது ரெண்டு பக்கம் இருப்பதால் வரவில்லை.

அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், தம்பி உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பான். ஒருவர் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று உள்ளே இருக்கும் கண்டென்சரைக் கழற்றிப் படம் எடுத்து ஹார்டுவேர் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறார். 2.5 மைக்ரோஃபாரட் என்று அதன் மேலேயே தெளிவாக அச்சாகியிருக்கிறது, அது எலக்ட்ரிகல் கடையில் எப்போதும் இருக்கிற சரக்கு. தம்பி அதைத் திறந்து பார்த்துவிட்டு, இது சித்தப்பா சமாச்சாரம், அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டான். சித்தப்பா சாயங்காலம் அதே இன்பாக்ஸைத் திறந்தார், நாம்தான் எல்லோருக்கும் எல்லாப் பக்கத்திலும் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறோமே. அதற்குள் அந்த மெசேஜ் படித்ததாக மாறிவிட்டது, தடித்த எழுத்து போய்விட்டது. சரி, தம்பி பதில் போட்டுவிட்டான்போல என்று அவரும் மூடிவிட்டார். மூன்று நாள் கழித்து அந்த மனிதர் ஒரு கேட் வால்வு வாங்க நேரில் வந்தபோது வருத்தத்தோடு சொன்னார், அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

பக்கத்துக்கு வரும் மெசேஜை ஒருவர் திறந்தால் போதும், அந்தப் பக்கத்தைப் பார்க்கிற அத்தனை பேருக்கும் அது படித்ததாகத்தான் தெரியும். இதை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். பக்கத்தை ஒன்றாக்கினாலும் இதேதான் நடந்திருக்கும், சொல்லப்போனால் ரெண்டு கடை மெசேஜும் ஒரே இடத்தில் குவிந்து இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் பார். பேஸ்புக்கில் ரெண்டு பக்கத்தைச் சேர்த்தால் ஃபாலோயர்கள் ஒன்றாவார்கள், ஆனால் மறைகிற பக்கத்தின் பதிவு, படம், ரிவ்யூ எல்லாம் அழிந்துவிடும், திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. சித்தப்பா ஒவ்வொரு வேலைக்கும் படம் எடுத்துப் போட்டிருக்கிறாரே, அத்தனையும் போய்விடும். அதுபோக, ஒரே விஷயத்துக்குத் தவறுதலாக ரெண்டு பக்கம் தொடங்கியவர்களுக்கான வசதி அது. நம்முடையது அப்படி இல்லை. கல்லா வேறு, கணக்கு வேறு, கடை திறக்கிற நேரம்கூட வேறு.

கூகுளிலும் அப்படித்தான். ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த வாசல் என்பதால் முகவரி கிட்டத்தட்ட ஒன்றுதான். போன் நம்பரும் ஒன்றாகப் போட்டுவிட்டால், ஒரே கடையை ரெண்டு தடவை பதிந்திருக்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் கடைக்கு ஒரு நம்பர், கடைக்கு ஒரு வகை, பெயர் போர்டில் இருப்பது மாதிரியே. போர்டில் இல்லாத வார்த்தையைத் தேடலுக்காகப் பெயரோடு ஒட்டவைக்க வேண்டாம் என்று தம்பியிடமும் சொல்லிவிட்டேன், அது கூகுள் விதிக்கு மாறானது.

இனி முகம் பற்றி. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே லோகோ போட்டது நீதான், அப்போது எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் போனில் கமெண்ட் பக்கத்தில் அது எப்படித் தெரிகிறது என்று பார்த்தாயா? படத்தை வட்டமாக வெட்டிவிடுகிறது, பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் காணாமல் போகின்றன, மிச்சம் இருப்பது கடுகளவு. ரெண்டு கடையும் அடுத்தடுத்துப் பதில் போட்டிருந்தால் எது எந்தக் கடை என்று எனக்கே தெரியவில்லை, வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? அதனால் நம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக நடுவில் வை. எழுத்தின் வடிவம் ரெண்டிலும் ஒன்றேதான். பின்னணி நிறம் மட்டும் ஹார்டுவேருக்கு நீலம், எலக்ட்ரிகலுக்கு ஆரஞ்சு. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது எழுத்தில் தெரியட்டும், யார் மூத்தது யார் இளையது என்பது நிறத்தில் தெரியட்டும். கல்லாவில் இருக்கிற பில் புத்தகத்தின் அட்டைக்கும் அதே நிறத்தைக் கொண்டுவரலாம் என்று சித்தப்பா சொல்கிறார், எனக்கும் நல்ல யோசனையாகத்தான் படுகிறது.

மேலே வருகிற பெரிய படத்தில் போன் நம்பரை ஓரத்தில் வைக்காதே. கம்ப்யூட்டரில் அது நீளவாக்கில் அகலமாகத் தெரியும், போனில் அவ்வளவு அகலமாகத் தெரியாது. ரெண்டும் வேறு வடிவம் என்பதால் ஒன்றில் பக்கவாட்டில் வெட்டும், இன்னொன்றில் மேலும் கீழும் வெட்டும். எழுத்தெல்லாம் நடுவில் இருந்தால் பிரச்சினை இல்லை. அப்புறம் ‘எங்களைப் பற்றி’ பகுதியில் கடைசி வரி ரெண்டு பக்கத்திலும் வர வேண்டும்: சுவிட்ச், வயர், ஃபேன் சாமான் வேண்டுமென்றால் பக்கத்துக் கடை, இதோ அதன் பக்கம். அங்கேயும் அதே மாதிரி, பைப்பு, பெயின்ட், ஆணி என்றால் இங்கே.

இப்போது யார் எதைச் செய்வது. இதற்குத்தான் இந்தக் கடிதமே.

ஒரு தாளில் எழுதி ரெண்டு கல்லாவுக்கும் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒரு வேலைக்கு ஒரே பெயர். ஹார்டுவேர் பக்கத்தின் மெசேஜ் தம்பி, எலக்ட்ரிகல் பக்கத்தின் மெசேஜ் சித்தப்பா. தம்பி ஊரில் இல்லாத நாளில் யார் என்பதற்கு அதே வரியில் அடுத்த பெயர். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு வரியைச் சித்தப்பா முதலில் எழுதினார், நான் அடித்துவிட்டேன். எல்லோரும் என்றால் யாரும் இல்லை என்பதை அந்தக் கண்டென்சர் விஷயத்திலேயே பார்த்துவிட்டோம்.

கடை மாறி வருகிற கேள்விக்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒரு பக்கத்தின் இன்பாக்ஸில் வந்த உரையாடலை இன்னொரு பக்கத்தின் இன்பாக்ஸுக்கு அப்படியே நகர்த்த முடியாது. "அந்தப் பக்கத்தில் கேளுங்கள்" என்றால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். எனவே எந்தப் பக்கத்துக்கு வந்ததோ அந்தப் பக்கத்துக்காரரே அதை முடிக்க வேண்டும். இன்றைக்குக் கண்டென்சர் படம் மறுபடி வந்தால் தம்பி செய்ய வேண்டியது இதுதான்: முதலில் "பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒரு வரி அனுப்புவது, எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்ச் சித்தப்பாவிடம் இருக்கிறதா என்று கேட்பது, திரும்பி வந்து "இருக்கிறது, பக்கத்துக் கடையில் எடுத்துவைத்திருக்கிறோம்" என்று அதே உரையாடலில் எழுதுவது. சித்தப்பா கடையில் இல்லையென்றால் அந்த மெசேஜைப் படிக்காததாக மாற்றிவைத்துவிட வேண்டும், பதில் போகும்வரை அது தடித்த எழுத்திலேயே நிற்கட்டும். ரெண்டு வாரமாக இப்படித்தான் நடக்கிறது, இதுவரை ஒன்றும் தவறவில்லை.

பதிவு போடுவதிலும் ஒரு மாற்றம். முன்பெல்லாம் ஒரே பதிவை ரெண்டு பக்கத்திலும் தனித்தனியாக ஏற்றிக்கொண்டிருந்தோம். சரக்கு தீர்ந்ததும் ஒன்றில் திருத்துவோம், இன்னொன்று மறந்துபோகும், ஆள் வந்து நிற்பார். இனிமேல் சரக்கு யாருடையதோ அந்தப் பக்கம்தான் பதிவு போடும், மற்றது அதை ஷேர் மட்டும் செய்யும். மூலப் பதிவைத் திருத்தினால் ஷேர் செய்ததிலும் திருத்தியதுதான் தெரியும். விடுமுறை நாள், நேர மாற்றம் மட்டும் என் பொறுப்பு. ரெண்டு கடைக்கும் பேஸ்புக், கூகுள் என்று நான்கு இடத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது, ஒரே ஆள் ஒரே உட்காரலில் செய்தால்தான் ஒன்றை மாற்றி ஒன்றை விடுகிற தவறு வராது. ரிவ்யூவுக்கு அந்தந்தக் கடைக்காரரே பதில். கோபமாக வந்த ரிவ்யூ என்றால் என்னிடம் காட்டிவிட்டு எழுத வேண்டும்.

கடைசியாக உன் பங்கு, இது கொஞ்சம் அவசரம். ரெண்டு பக்கமும் உன் கணக்கிலிருந்து தொடங்கியவை, முழுக் கட்டுப்பாடு உன் ஒருத்தியிடம் மட்டும்தான் இருக்கிறது. உன் கணக்கு ஒருநாள் முடங்கினால் இங்கே எங்களால் ஒருவரைச் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. எனக்கும் முழுக் கட்டுப்பாடு கொடு. அதைக் கொடுத்தால் நான் உன்னையே நீக்க முடியும் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் ரெண்டு பேருக்கு மேல் அது வேண்டாம் என்கிறேன். தம்பிக்கும் சித்தப்பாவுக்கும் அவரவர் பக்கத்தில் மட்டும், பதிவு போடவும் மெசேஜுக்குப் பதில் சொல்லவும் தேவையான அனுமதி போதும். மற்றவர் பக்கத்தில் இருக்கிற அனுமதியை எடுத்துவிடு, சித்தப்பா தப்பாக நினைக்க மாட்டார், நானே பேசிவிட்டேன்.

பாஸ்வேர்டு யாருக்கும் சொல்லாதே, எனக்குக்கூட. போன வருஷம் கடையில் இருந்த பையன் நின்றபோது அவனிடம் இருந்த பாஸ்வேர்டை மாற்ற நாம் பட்ட பாடு போதும். தனித்தனி அனுமதி என்றால் ஒரு பெயரை எடுத்தால் வேலை முடிந்தது. நாம் ரெண்டு பேரும் இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுவோம், எனக்கு அந்தச் சரிபார்ப்பு எண் எப்படி வரும் என்று மட்டும் ஒருமுறை சொல்லிக்கொடு.

கூகுளில் நீ முதன்மை உரிமையாளராக இருக்கிறாய், அப்படியே இரு. என்னை உரிமையாளராகச் சேர்த்துவிடு. புதிதாகச் சேர்பவருக்கு எல்லா அதிகாரமும் வர ஏழு நாள் ஆகும், அதனால் இந்த வாரமே செய்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் கூட்டம் இருக்காது, நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன். உனக்கு அப்போது தூங்குகிற நேரம் என்றால் எது வசதி என்று சொல்லு, மாற்றிக்கொள்கிறேன். நீல லோகோவை முதலில் அனுப்பிவிடம்மா, போர்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அப்பா