பெற்றோர்களுக்கு: அரையாண்டு விவரமும் 'கலப்பு' அறிக்கையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவும் சிறப்பாக நடந்தது, பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு வாழ்த்துகள்.

அப்புறம், பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலக் கட்டுரைகளைப் பற்றி. கட்டுரையை மனிதர் எழுதினாரா, ஏஐ எழுதியதா என்று கணிக்கும் கருவியின் அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பலர் போன் செய்தீர்கள். 'கலப்பு' என்று வந்தால் பாதி காப்பி என்று பொருள் இல்லை.

வண்டியூர் தெப்பக்குளம் பற்றி ஒரு மாணவர் எழுதிய 600 சொல் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். கருவி அதை நூறு நூறு சொல்லாக ஆறு துண்டு போட்டது. மூன்று மனிதர், ஒன்று இயந்திரம், இரண்டு உறுதியில்லை. மொத்தத்தில் 'கலப்பு'. வீட்டில் இயந்திரம் என்று வந்த 17 சதவீதத்தையும் உறுதியில்லை என்று வந்த 33 சதவீதத்தையும் கூட்டி, "பாதி மெஷின் எழுதியது" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆசிரியை மாணவரை உட்காரவைத்து நிதானமாகக் கேட்டார். திருமலை நாயக்கர் குளம் வெட்டிய வரலாறு, முதல் 150 சொல், போனில் ஏஐ எழுதித் தந்ததை ஒட்டியதுதான் என்று மாணவரே சொன்னார். கருவி பத்தி பார்த்து வெட்டுவதில்லை, சொல் எண்ணி வெட்டுகிறது. அதனால் இரண்டாம் துண்டில் பாதி ஒட்டியது, பாதி அவர் எழுதியது. கருவி அதற்குத் தந்த மதிப்பெண் மனிதருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நின்றதால் 'உறுதியில்லை'. கடைசித் துண்டின் கதை வேறு. அது நன்றியுரை. எல்லோரும் ஒரே அச்சில் எழுதும் வரிகள், யார் எழுதியது என்று பிரிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆக, ஒட்டியது கால் பங்கு. 17-ம் சரியில்லை, 50-ம் சரியில்லை.

'இயந்திரம்' என்று வந்தாலும் அதுவே சாட்சி ஆகாது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் என்றே வந்தது. நம் பிள்ளைகளின் எளிய ஆங்கிலமும் அதே வகைதான். இன்னொன்று, சில அறிக்கைகளில் 'கலப்பு 80' என்றால் நூற்றில் 80 பங்கு கலந்திருக்கிறது என்று பொருள் அல்ல, கலப்பாக இருக்க அவ்வளவு வாய்ப்பு என்று கருவி நினைக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் அறிக்கையை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேலி செய்ததை ஏற்க முடியாது. இனி அப்படி நடந்தால் அந்தப் பெற்றோரை நேரில் அழைத்துப் பேசுவேன். அறிக்கையை மட்டும் வைத்து யாருக்கும் மதிப்பெண் குறைக்க மாட்டோம். ஒட்டியதாக ஒப்புக்கொண்டவர்கள் அந்தப் பகுதியை மட்டும் வகுப்பில் கையால் எழுதித் தரட்டும்.

வீட்டில் ரஃப் நோட்டு இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாமல் கொடுத்து அனுப்புங்கள். அடித்தல் திருத்தலோடு இருந்தால் இன்னும் நல்லது. சந்தேகம் என்றதும் குழுவில் போடாமல் எங்களிடமே நேராகக் கேட்டவர்களுக்கு மிக்க நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
மதுரை