எட்டாம் வகுப்பு ஆய்வு: பெற்றோர் ஒப்புதல் படிவம் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இப்பருவத்தின் இடைத்தேர்வுகள் குறையின்றி முடிந்தன. விளையாட்டிலும் கலைப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுள்ளார்கள். விவரம் அறிவிப்புப் பலகையில் உள்ளது.

இனி, சென்ற வாரம் உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய ஒப்புதல் படிவத்தைப் பற்றி. எட்டாம் வகுப்பு மாணவர்களின் உறக்கத்தையும் கைபேசிப் பயன்பாட்டையும் ஆராயும் முனைவர் பட்ட மாணவி ஒருவர், வகுப்பறையில் வினாத்தாள் கொடுத்து விவரம் திரட்ட என்னிடம் அனுமதி கேட்டிருந்தார். அவருடைய பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வினாத்தாளின் முழுப் படியும் விண்ணப்பத்துடன் இருந்தன. மாணவர் பெயர் கேட்கப்படாது என்று அதில் உறுதி கூறியிருந்தாலும், பிறந்த தேதி, வீட்டில் பேசும் மொழி, உடன்பிறந்தோர் எண்ணிக்கை ஆகியவை வினாக்களில் இருந்தன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், விடை எழுதியது யார் என்று வகுப்பாசிரியர் எளிதில் சொல்லிவிடுவார். ஆகவே பிறந்த தேதிக்குப் பதிலாக வயதை மட்டும் கேட்கவும், மொழி பற்றிய வினாவை நீக்கவும் கோரினேன். அவர் இசைந்த பிறகே அனுமதி அளித்தேன்.

பருவத்தின் இடையிலும் இறுதியிலுமாக இருமுறை விவரம் திரட்டப்படுவதால், ஒரே மாணவரின் இரு தாள்களையும் இணைக்க ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்படும். எந்த எண் யாருடையது என்னும் பட்டியல் பள்ளி அலுவலகத்தில் பூட்டி வைக்கப்படும். ஆய்வாளரிடம் எண்ணிட்ட தாள்கள் மட்டுமே செல்லும். விடைத்தாளை மாணவரே உறையிலிட்டு ஒட்டுவார், ஆசிரியர்கள் பார்க்கமாட்டார்கள். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்வதாக விடையில் தெரிந்தால் மட்டும் ஆய்வாளர் அந்த எண்ணை எனக்குத் தெரிவிப்பார். இரண்டாம் சுற்று முடிந்து தாள்கள் இணைக்கப்பட்டதும் பட்டியல் அழிக்கப்படும். அதுவரை நீங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அதன்பின் எந்தத் தாள் யாருடையது என்று எவராலும் கண்டறிய இயலாது என்பதால், எதையும் தனியே எடுத்து நீக்கவும் முடியாது.

இத்தனை ஏற்பாடும் உங்கள் கையொப்பத்தை நம்பியே செய்யப்பட்டுள்ளது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட படிவங்கள் இன்னும் வரவில்லை. வந்தவற்றுள் சிலவற்றில் பிள்ளைகளே கையொப்பமிட்டிருப்பது வெளிப்படையாகத் தெரிகிறது. அத்தகைய படிவங்களை நான் ஏற்கப்போவதில்லை. பதில் வராததைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இங்கு அதற்கு இடமில்லை. வினாத்தாள் தரும் நேரத்தில், ஒப்புதல் இல்லாத மாணவர்கள் நூலகத்தில் இருப்பார்கள். நீங்கள் சம்மதித்தும் பிள்ளை விரும்பாவிட்டால், அவர்களும் அங்கேயே செல்லலாம்.

வேண்டாம் என்று குறிப்பதிலும் தவறில்லை. மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. படிவத்தைப் படித்து, இரண்டில் ஒன்றைக் குறித்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். வினாத்தாளைப் பார்க்க விரும்புவோர் பள்ளி நேரத்தில் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். படிவத்தை உரிய காலத்தில் அனுப்பியவர்களுக்கும், நேரில் வந்து ஐயங்களைக் கேட்ட பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்