பொள்ளாச்சிக்கு வரவேண்டிய கத்தரியும் என் அக்ரிலிக் மூடியும்

ஈரோடு
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. காளிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள், மஞ்சளுக்குப் பாய்ச்ச ஆள் கிடைக்கவில்லை, நானே மண்வெட்டியோடு நின்றேன். அதனால்தான் தாமதம். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? தங்கச்சி கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று வீட்டில் ஜாடையாகச் சொல்கிறார்கள். நானும் ஜாடையாகவே எழுதிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தென்னைக்கு நடுவே போட்ட கொக்கோவைக் கவாத்து செய்ய பேட்டரிக் கத்தரி வாங்கப் பார்க்கிறாய், நீ விரும்பும் மாடலை விற்கும் அமெரிக்கக் கடை இந்தியாவுக்கு அனுப்பாது, ‘பார்சலை அங்கே வாங்கி நமக்கு அனுப்பிவைக்கும் முகவரி எடுக்கலாமா, நீ ஒருமுறை எடுத்தாயே’ என்று கேட்டிருக்கிறாய். எடுத்தேன். 2021இல், அப்பாவின் பழைய ரெக்கார்டு பிளேயருக்கு மூடி வாங்க. அந்தக் கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீ முடிவு செய்.

ஏற்பாடு எளிதுதான். இப்படி முகவரி தரும் நிறுவனம் உனக்கு அமெரிக்காவில் ஒரு கிடங்கு முகவரியும், அதில் உனக்கென்று ஒரு எண்ணும் கொடுக்கும். கடையில் அந்த முகவரியைப் போட்டு வாங்க வேண்டும். பார்சல் கிடங்குக்கு வந்ததும் அளந்து, எடைபோட்டு, உனக்குத் தகவல் சொல்வார்கள். நீ பணம் கட்டினால் கூரியரில் இந்தியாவுக்கு ஏற்றுவார்கள். இப்படிப்பட்ட கிடங்குகள் பல ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து பக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு: அந்த மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. அந்த எண்ணை மட்டும் விட்டுவிடாதே. சில கடைகளின் படிவத்தில் முகவரியின் இரண்டாம் வரி தானாகக் கழன்றுவிடும். எண் இல்லாத பெட்டி அங்கே யாருடையதென்று தெரியாமல் கிடக்கும். அதனால் முதல் வரியிலேயே தெருவோடு சேர்த்து எழுதிவிடு.

பணம் கட்டுவதிலும் ஒரு சிக்கல். நம் கார்டின் முகவரி ஈரோடு, அனுப்பும் முகவரி போர்ட்லாந்து என்றால் சில கடைகளுக்குச் சந்தேகம் வந்து ஆர்டரை ரத்து செய்துவிடும். எனக்கு முதல் ஆர்டர் அப்படித்தான் போனது, இரண்டாவது நடந்தது. வெளிநாட்டுப் பரிவர்த்தனை உன் கார்டில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். 2020 மார்ச்சிலிருந்து புதிய கார்டெல்லாம் அப்படித்தான் வருகிறது. வங்கிச் செயலியில் முதலில் அதைத் திறந்துவிடு.

இனி மூடியின் கதை. அக்ரிலிக் மூடி, விலை 82 டாலர். எடை 3 கிலோவுக்குள். நிறுவனத்தின் கணக்குப் பெட்டியில் 3 கிலோ என்று தட்டினேன், 46 டாலர் காட்டியது. பரவாயில்லை என்று வாங்கினேன். கிடங்குக்குப் போனதும் வந்த கட்டணம் 164 டாலர். திருட்டுப் பயல்கள் என்று திட்டினேன். ஆனால் தவறு என்னுடையது.

விமானக் கூரியரில் கட்டணம் நிறைக்கு மட்டும் இல்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் உண்டு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணிலும் தராசு காட்டும் எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. கடை அனுப்பிய பெட்டி 50, 42, 22. பெருக்கினால் 46,200, வகுத்தால் 9.24, அரைக் கிலோவுக்கு மேலே ஏற்றினால் ஒன்பதரைக் கிலோ. இதற்கு மேல் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தேன். உடையும் பொருளாயிற்றே என்று ‘கூடுதல் பாதுகாப்புக் கட்டு’ என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தேன். அவர்கள் கடைப் பெட்டியை அப்படியே இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் தக்கை அடைத்துவிட்டார்கள். 60, 50, 30. அது 18 கிலோ! மூன்று கிலோ மூடிக்குப் பதினெட்டுக் கிலோவுக்குக் கூலி.

அந்த வெளிப்பெட்டியை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார்கள், ஒன்பதரைக் கிலோவாகி 98 டாலருக்கு வந்தது. கட்டிவிட்டேன். அப்போது நான் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம்: கூடுதல் கட்டு வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்ததால், உடைந்தால் காப்பீடு தரமாட்டோம் என்று அவர்களுடைய விதியில் இருந்தது.

பெட்டி சென்னையில் நின்றது. இரண்டு காரணம். ஒன்று, பெட்டியில் கே. சண்முகம், என் பான் அட்டையில் சண்முகம் குப்புசாமி. சுங்கத்துக்கு அடையாள ஆவணம் கொடுக்க வேண்டும், பெயர் ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் முன்னெழுத்தைச் சுருக்குவதும் விரிப்பதும் அவரவர் விருப்பம், அங்கே அது விருப்பமில்லை. கடிதம் எழுதி, ஆதார் அனுப்பி, நான்கு நாள் போனது. நீ கடையில் கணக்கு தொடங்கும்போதே பான் அட்டையில் இருக்கிறபடி பெயர் போடு.

இரண்டாவது வரி. அப்போது சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு அடிப்படை வரி 35 விழுக்காடு, அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல், பொருளின் மதிப்போடு இந்த இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 28 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. மொத்தம் 77.28 விழுக்காடு. விகிதம் அதற்குப் பிறகு மாறியிருக்கிறது, நீ வாங்கும் வாரத்தில் பார்த்துக்கொள். ஆனால் எதன் மேல் போடுகிறார்கள் என்பது மாறவில்லை. பொருளின் விலை மட்டுமில்லை, அதைக் கொண்டுவந்த கூலியையும் சேர்த்துத்தான். கூரியர் 82ஐயும் 98ஐயும் கூட்டி 180 டாலர், 75 ரூபாய் கணக்கில் 13,500 ரூபாய் என்று வைத்து 10,433 ரூபாய் வரி போட்டது. நான் கட்டினேன்.

பிறகு கோவையில் சுங்க முகவராக இருக்கும் ஒரு தெரிந்தவர் சொன்னார்: விமானத்தில் வரும் சரக்குக்குச் சேர்க்கும் கூலி, பொருள் விலையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மதிப்பீட்டு விதியிலேயே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 82க்கு 16.40 மட்டும் சேர்த்து, காப்பீட்டுச் சில்லறையை விட்டுவிட்டால், வரி 5,700 ரூபாய் அளவில்தான் வந்திருக்கும். பணம் கட்டும் முன் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும். கட்டியபின் திரும்ப வாங்க மனு, அலைச்சல். விட்டுவிட்டேன்.

கூட்டிப் பார். மூடி 6,150 ரூபாய். கைக்கு வந்தபோது 24,000 ரூபாய்க்குக் கிட்ட. பெட்டியைப் பிரித்தால் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

கடைக்கு எழுதினேன். ‘நாங்கள் போர்ட்லாந்தில் நல்லபடியாகச் சேர்த்துவிட்டோம்’ என்றார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் விற்பனை அந்தக் கிடங்கு வாசலோடு முடிந்தது. திருப்பிக் கொடுக்கும் 30 நாளும் அங்கே சேர்ந்த அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது. கிடங்குக்கு எழுதினேன். ‘கடைப் பெட்டி நசுங்காமல்தான் வந்தது, உள்ளே நாங்கள் பார்க்கவில்லை, கட்டு வேண்டாம் என்றது நீங்கள்’ என்றார்கள். அதுவும் சரி. விரிசல் கடையிலேயே விழுந்ததா, லாரியிலா, விமானத்திலா, யாருக்கும் தெரியாது. கிடங்கில் பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்ப அப்போது அவர்கள் கேட்டது வெறும் நான்கு டாலர். அதை மிச்சம் பிடித்தேன், பெரிய கெட்டிக்காரன். படம் இருந்து, விரிசல் அதில் தெரிந்திருந்தால், அமெரிக்காவுக்குள்ளேயே கடைக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். விமானம் ஏறியபின் அது நடக்காது.

மதிப்பைக் குறைத்து எழுதலாமே என்பாய். அறிவிப்புப் படிவத்தை நாம்தான் நிரப்புகிறோம், ‘அன்பளிப்பு, 20 டாலர்’ என்று எழுதக் கை வரும். 5,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு வரி இல்லை என்ற சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கியும் உயிர் காக்கும் மருந்தும்தான் மிச்சம். பணம் கட்டிய ரசீதைச் சுங்கத்தில் கேட்டால் மாட்டிக்கொள்வாய். தொலைந்தால் காப்பீடும் 20 டாலருக்குத்தான்.

இப்போது உன் கத்தரி. அது சின்னப் பெட்டி, இடத்தால் பெரிய அடி விழாது. தொல்லை பேட்டரியில். கூடுதலாக ஒரு பேட்டரி தனியாக வாங்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய், அதை மட்டும் செய்யாதே. தனியே வரும் லித்தியம் அயன் பேட்டரி பயணிகள் விமானத்தில் சரக்காக ஏறக் கூடாது என்பது 2016லிருந்து உலகம் முழுக்க விதி, இந்தக் கிடங்குகளில் பல தனிப் பேட்டரியை எடுப்பதே இல்லை. கருவிக்குள் மாட்டியதோ, கருவியோடு ஒரே பெட்டியில் வைத்ததோ என்றால் வேறு விதி, அதற்கு வழி இருக்கிறது. ஆகவே கத்தரி ஒன்றும் பேட்டரி இரண்டுமாகக் கடையே ஒரே பெட்டியில் விற்கும் செட் இருந்தால் அதை எடு. வாங்கும் முன் கிடங்குக்கு எழுதி, பேட்டரியின் வாட்-மணி எண்ணைச் சொல்லி, எடுப்பீர்களா என்று பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். 100க்குள் இருந்தால் பேச்சு சுலபம்.

இன்னொன்று, சார்ஜர். அமெரிக்காவில் 120 வோல்ட். பின்பக்க ஸ்டிக்கரில் 100-240 என்று இருந்தால் பின்னை மாற்றினால் போதும். 120 மட்டும் இருந்தால் ஆனைமலையில் முதல் நாளே புகை. அந்த ஸ்டிக்கரின் படத்தைக் கடையிடமே கேள். உத்தரவாதமும் அந்த நாட்டோடு சரி, பிளேடு மழுங்கினால் நம் பட்டறைதான்.

செட்டின் மாடல் எண்ணையும், பெட்டியின் அளவு கடைப் பக்கத்தில் இருந்தால் அதையும் எழுது. நான் வரியோடு கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். கோவையில் ஒரு கருவிக் கடையில் இதே மாதிரி வேறு கம்பெனிச் சரக்கு இருக்கிறதாம், அடுத்த வாரம் மகளை விடுதியில் விடப் போகும்போது விலை கேட்டு வருகிறேன். அந்த மூடியை இன்னும் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், விரிசல் பக்கம் சுவரைப் பார்த்த மாதிரி.

எண்ணெய் பற்றி மறந்துவிடாதே.

உன்
சண்முகம்