சாட்சிக் காணொளியும் நிறுத்தப்பட்ட ஊசியும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மதக் காணொளிகளில் வரும் அற்புத சுகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அது பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்களைப் பற்றியே பேசியது. அப்படிப்பட்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்கப் போதகர் பீட்டர் போபாஃப், காதில் மறைத்து வைத்த கருவி வழியாகத் தன் மனைவி சொல்லிக்கொடுத்ததைத்தான் தெய்வ வெளிப்பாடு என்று மேடையில் சொல்லிவந்தார் என்பதை 1986இல் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி அம்பலப்படுத்தினார். ஆனால் நான் பல ஆண்டுகளாக இத்தகைய காணொளிகளுக்குப் படத்தொகுப்பு செய்கிறவன், இறைநம்பிக்கை உள்ளவனும்கூட. என் மேசைக்கு வரும் சாட்சிகளில் பொய் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. சொல்கிறவர் மனதார நம்புகிறார், அழுகிறார், நன்றி சொல்கிறார். எனக்குப் பயம் தருவது இந்த உண்மையான சாட்சிகள்தான். பொய்யை யாராவது ஒருநாள் பிடித்துவிடுவார்கள். உண்மையாகச் சொல்லப்பட்ட தவறான முடிவை யார் பிடிப்பது?

ஒரே ஒரு நோயை வைத்துச் சொல்கிறேன். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் அதிகமாக வரும் முதல் வகைச் சர்க்கரை நோய். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிற நோய் இது. பெரியவர்களுக்குப் பரவலாக வருகிற இரண்டாம் வகையைப் போல இதை மாத்திரையாலோ உணவுக் கட்டுப்பாட்டாலோ சமாளிக்க முடியாது. வெளியிலிருந்து இன்சுலின் போட்டே ஆக வேண்டும்.

இந்த நோயில் ஒரு விசித்திரமான காலம் உண்டு. மருத்துவர்கள் அதைத் தேனிலவுக் காலம் என்கிறார்கள். நோய் கண்டுபிடித்து இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், ஓய்வு கிடைத்த மிச்சச் செல்கள் மறுபடி கொஞ்சம் சுரக்கத் தொடங்கும். ஊசியின் அளவு மளமளவென்று குறையும். சிலருக்குச் சிறிது காலம் ஊசியே தேவைப்படாததுபோலத் தோன்றும். இது சில மாதங்கள் நீடிக்கலாம், சிலருக்கு ஓராண்டும் தாண்டலாம். பிறகு அந்தச் செல்களும் அழிந்துவிடும்.

இப்போது ஒரு சாட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். பத்து வயதுச் சிறுவன். சர்க்கரை நானூறைத் தாண்டி, மயங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இன்சுலின் தொடங்கி வீடு திரும்புகிறான். குடும்பமே பிரார்த்தனையில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் ஊசி அளவு பாதிக்கும் கீழே வருகிறது. மூன்றாம் மாதம் எடுத்த எச்பிஏ1சி அறிக்கையில் எண் கிட்டத்தட்ட இயல்பு. அம்மா மைக்கைப் பிடித்து, “டாக்டரே ஆச்சரியப்பட்டார், இப்போ ஊசியே வேண்டாம்” என்கிறார். அறிக்கையும் கேமராவுக்குக் காட்டப்படுகிறது. அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. அறிக்கையும் போலி இல்லை.

ஆனால் அந்த அறிக்கை எதைச் சொல்கிறது? எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை, அவ்வளவுதான். நோய் போய்விட்டதா என்று அது சொல்லாது. இன்சுலின் போட்டதால் சர்க்கரை சீராக இருந்தாலும் எண் நன்றாகத்தான் வரும். உடல் தானாக எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க சி-பெப்டைடு என்ற வேறொரு பரிசோதனை இருக்கிறது, ஊசியில் செலுத்தும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது என்பதால். தேனிலவுக் காலத்தில் அதுவும் ஓரளவு நன்றாகவே இருக்கக்கூடும். ஆக, திரையில் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் மூன்றாம் மாதத்தில் விடை கிடைக்காது. விடை சொல்லக்கூடியது காலம் மட்டுமே.

இந்தக் காணொளியைப் பார்க்கிற இன்னொரு வீட்டில், நோய் வந்து நான்கு வருடமான பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு மிச்சச் செல்கள் ஏறக்குறைய இல்லை. அந்த வீட்டார் ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் தொடங்கும். பிறகு வாந்தி, வயிற்று வலி, ஆழமான வேகமான மூச்சு, வாயில் பழவாடை. ரத்தம் அமிலமாகிக்கொண்டிருப்பதன் அடையாளங்கள் இவை. உடனே மருத்துவமனைக்குப் போனால் காப்பாற்றலாம். போகாவிட்டால் நாட்கணக்கில் உயிர் போகும்.

நடக்காததைச் சொல்லவில்லை. 1973இல் கலிபோர்னியாவின் பார்ஸ்டோ நகரில், ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்த பிறகு பதினொரு வயது மகனுக்கு இன்சுலின் கொடுப்பதைப் பெற்றோர் நிறுத்தினார்கள். பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்டபோது அதைத் தங்கள் நம்பிக்கைக்கு வந்த சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். சில நாட்களில் சிறுவன் இறந்துபோனான். நீதிமன்றம் பெற்றோரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மகனை உயிராக நேசித்த பெற்றோர் அவர்கள். “அறிகுறி தெரிந்தாலும் நம்பாதே, சுகம் ஏற்கனவே கிடைத்துவிட்டது” என்கிற வாக்கியம் எப்படிப்பட்ட வீட்டுக்குள் போய்ச் சேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கட்டுரையாளர் இதற்கு ஒரு தீர்வு சொன்னார்: கடைசியில் “மருத்துவ ஆலோசனை பெறவும்” என்று ஒரு வரி போட வேண்டும் என்று. தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரியால் பயன் ஏறக்குறைய இல்லை. நாற்பது நிமிடக் காணொளியை யாரும் முழுதாக அனுப்புவதில்லை. அதிலிருந்து நாற்பது நொடியை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்த நாற்பது நொடி எதுவென்று எனக்கு எடிட்டிங் மேசையிலேயே தெரிந்துவிடும். ஊசியே வேண்டாம் என்று அம்மா சொல்கிற இடம்தான் அது. எச்சரிக்கை பின்னால் எங்கோ தங்கிவிடும்.

அதனால் எச்சரிக்கை அந்த நாற்பது நொடிக்குள்ளேயே இருக்க வேண்டும், அதே ஆளின் வாயிலிருந்து வர வேண்டும். இது நடக்கிற காரியம்தான். பதிவுக்கு முன்னால் உட்கார்ந்து நான்கு கேள்வி கேட்டால் போதும். நோயின் பெயர் என்ன, யார் கண்டுபிடித்துச் சொன்னது? எப்போது கண்டுபிடித்தது? இப்போது என்ன மருந்து, எவ்வளவு? மருந்தைக் குறைத்தது யார், மருத்துவரா நீங்களா? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே சொன்ன அம்மாவிடம் கேட்டால், “டாக்டர்தான் குறைத்தார், இரவு ஊசி மட்டும் இன்னும் இருக்கிறது, மாதாமாதம் போகிறோம்” என்று அவரே சொல்லக்கூடும். மேடை உற்சாகத்தில் அது ‘ஊசியே வேண்டாம்’ ஆகியிருக்கும். அவர் சொன்ன முழு விவரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். “சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது, ஊசி தொடர்கிறது, கடவுளுக்கு நன்றி” என்ற சாட்சியில் பக்தி எங்கே குறைந்துபோயிற்று?

டாக்டரே குறைத்தார் என்றால்கூடக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்பது நோயைப் பொறுத்தது. இந்தச் சர்க்கரை நோய்க்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் காத்திருக்கலாம் என்பது என் கணக்கு. காத்திருப்பதை அவநம்பிக்கை என்று சொல்பவர்கள் பிரான்சில் உள்ள கத்தோலிக்கத் திருத்தலமான லூர்து நகரைப் பார்க்கட்டும். 1883 முதல் அங்கே ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. சுகம் பெற்றதாகப் பதிவானவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். அதில் திருச்சபை அற்புதம் என்று அறிவித்தவை எழுபதைச் சற்றே தாண்டும். 2008இல் சுகமடைந்த ஒரு கன்னியாஸ்திரியின் விஷயத்தை அறிவிக்க 2018 ஆயிற்று. நோய் உறுதியானதா, சுகம் திடீரென்று முழுமையாக வந்ததா, நிலைத்ததா, மருத்துவத்தால் விளக்க முடியாததா என்றெல்லாம் அவர்களே கேட்கிறார்கள். அற்புதத்தை நம்புகிற ஒரு சபை பத்தாண்டு பொறுக்கும்போது, நாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏற்றியாக வேண்டுமா? நான் கிறிஸ்தவத்தை உதாரணம் காட்டியது பதிவுகள் அங்கே இருப்பதால்தான். மகான்களின் சமாதியில் எடுக்கிற காணொளிக்கும், மந்திரித்த நீரைப் பற்றிய காணொளிக்கும் இதே நியாயம்தான்.

தலைப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. உள்ளே நிதானமாகப் பேசியிருப்பார்கள். முகப்புப் படத்தில் உடைந்த ஊசியும் ‘இனி இன்சுலின் இல்லை’ என்ற கொட்டை எழுத்தும் இருக்கும். பெரும்பாலானோர் பார்ப்பது அது ஒன்றைத்தான். அதன் மேலேயே காணிக்கைக்கான வங்கி எண் ஓடிக்கொண்டிருந்தால், சுகத்துக்கும் பணத்துக்கும் ஒரு முடிச்சு பார்ப்பவர் மனதில் தானாக விழுந்துவிடும். சாட்சி ஓடுகிற நேரத்தில் வங்கி எண்ணைக் காட்ட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்ட இடங்களில் சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

பிரிட்டனில் ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் விதிகளில், உயிரோடு இருக்கும் ஒருவருக்குச் சிறப்பு ஆற்றல் உண்டு என்று மத நிகழ்ச்சியில் சொன்னால் அதை உரிய புறநிலைப் பார்வையோடு கையாள வேண்டும் என்று இருக்கிறது. குழந்தைகள் அதிகம் பார்க்கக்கூடிய நேரத்தில் அப்படி ஒளிபரப்பவும் கூடாது. உரிமம் பெற்ற தொலைக்காட்சிக்கு அது சரி. கைப்பேசியில் எடுத்து நேராக ஏற்றுகிறவரிடம் எந்த விதிப்புத்தகமும் போய்ச் சேராது. அங்கே பொறுப்பு, ஏற்றுகிறவர் கையிலும் என்னைப் போன்ற தொகுப்பாளர் கையிலும்தான் இருக்கிறது.

இன்னொன்று: சாட்சி சொன்னவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு விசாரிக்கும் வழக்கம் நான் பார்த்தவரை எங்கும் இல்லை. மேலே சொன்ன சிறுவனுக்கு ஒரு வருடம் கழித்து ஊசி பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும். காணொளி மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அவன் நம்பிக்கை குறைந்தவன் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லியும் இருப்பார்கள். அப்படித் திரும்பியது தெரிந்தால் காணொளியைச் சத்தமில்லாமல் நீக்கினால் போதாது. வெட்டி அனுப்பிய துண்டுகள் வெளியே உலவிக்கொண்டுதான் இருக்கும். அதே குடும்பம் விரும்பினால், “ஊசியை மறுபடி தொடங்கினோம், பிள்ளை நன்றாக இருக்கிறான்” என்று இரண்டு நிமிடம் பேசி அதே பக்கத்தில் வெளியிடலாம். விரும்பாவிட்டால் பெயரில்லாமல் நிறுவனமே அறிவிக்கலாம். பிள்ளையின் முகத்தையும் பெயர் தெரியும் அறிக்கையையும் முதலிலேயே காட்டாமல் இருந்திருந்தால் இந்த இடத்தில் அவர்களுக்கு எவ்வளவோ சுலபமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர்