ஒரு கண்ணில் மட்டும் மின்னிய சாலை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கோடைக்காலக் குறிப்புகளில், வண்டி ஓட்டுபவர்கள் ‘யுவி 400’ போட்ட போலரைஸ்டு கண்ணாடி வாங்க வேண்டும், நிறம் எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பு என்று எழுதியிருந்தீர்கள். தூத்துக்குடியில் ஒரு கண்ணாடிக் கடையில் 31 ஆண்டுகள் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கறுப்பு, புற ஊதாவைத் தடுக்கும் யுவி, போலரைஸ்டு ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிச் சரக்குகள். அவற்றை நீங்கள் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டீர்கள். கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் கட்டிக்கொண்டு வருவார்கள். பிரித்துச் சொல்லவே பாதி நாள் போகும்.

முதலில் அந்த 400. ஒருமுறை ஒருவர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதிலேயே 600 இருந்தால் கொடுங்கள், காசு கூட ஆனாலும் பரவாயில்லை” என்றார். வெயிலுக்குப் பூசும் களிம்பில் 30, 50 என்று இருப்பதைப் போல இதுவும் வலிமையைக் காட்டும் எண் என்று நினைத்துவிட்டார். அது வலிமை அல்ல, எல்லைக் கோடு. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் அளப்பார்கள். 280 முதல் 315 வரை யுவி-பி, அதற்கு மேல் 400 வரை யுவி-ஏ, அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியும் ஊதா, நீலம், பச்சை என்று போகும். 400 வரை உள்ளதை லென்ஸ் தடுத்துவிடும் என்பதுதான் ஸ்டிக்கரின் பொருள். 600 வரை தடுக்கும் லென்ஸைப் போட்டுக்கொண்டு போனால் நீலமும் பச்சையும் காணாமல் போய், சிக்னலில் பச்சை விளக்கு விழுந்ததே தெரியாமல் நிற்க வேண்டியதுதான். வானிலைச் செய்தியில் வரும் புற ஊதாக் குறியீடு, அதாவது 8, 11 என்று சொல்கிறார்களே, அது வெயிலின் கடுமையைச் சொல்வது. லென்ஸுக்கும் அதற்கும் உறவில்லை.

‘100 சதவீதம் யுவி பாதுகாப்பு’ என்ற வாசகத்தில் இன்னொரு நெளிவு உண்டு. கண்ணாடிக்கான சில தர விதிகள் புற ஊதாவின் எல்லையை 380-லேயே நிறுத்திக்கொள்கின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விதியில் 400 வரை கணக்கு. ஆகவே 380 வரை தடுத்துவிட்டு 100 சதவீதம் என்று போட்டால் அது பொய் அல்ல, ஆனால் 400-ம் அல்ல. கடையில் “எத்தனை சதவீதம்?” என்று கேட்பதைவிட “எதுவரை தடுக்கும்?” என்று கேளுங்கள்.

இனிக் கறுப்பு. புற ஊதா கண்ணுக்குத் தெரியாது. அதைத் தடுக்கும் பொருளுக்கும் நிறம் வேண்டியதில்லை. பாலிகார்பனேட் லென்ஸ் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தாலும் அந்தப் பொருளே புற ஊதாவில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மாறாக, யுவி தடுப்பு சேர்க்காத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்குச் சாயம் மட்டும் முக்கினால் பார்க்கக் கறுப்பாக இருக்கும், 350-க்கு மேலே உள்ளது உள்ளே வந்துகொண்டிருக்கும். இருட்டைப் பார்த்து கண்மணி விரிந்துகொள்ளும், நாமும் கண்ணைச் சுருக்க மாட்டோம். வெறும் கண்ணோடு இருந்திருந்தால் உடம்பே செய்திருக்கும் காவலைக் காசு கொடுத்து நீக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

கறுப்புக்கு வேறொரு அளவு இருக்கிறது. 0 முதல் 4 வரை ஐந்து வகை. வகை 3 என்றால் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தை உள்ளே விடும். வெயிலில் ஓட்டுவதற்கு அதுவே தாராளம். வகை 4 உள்ளே விடுவது 3 முதல் 8 சதவீதம்தான், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. கார் படத்தின் மேல் அடித்தல் கோடு போட்ட சின்னத்தை அதன் அட்டையில் காணலாம். உங்கள் ‘எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பு’ வாசகரை நேராக அங்கேதான் கொண்டுபோய் விடும்.

விலையும் சான்று ஆகாது. தெருவோரத்தில் 150 ரூபாய்க்கு வாங்கியதைக் கடை மீட்டரில் வைத்து, யுவி முழுவதும் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். பெரிய விலைக்கு வாங்கிய பழைய கண்ணாடியில் கசிந்ததையும் பார்த்திருக்கிறேன். மீட்டர் இல்லாவிட்டால் 365 நானோமீட்டர் யுவி டார்ச்சும் ஒரு ரூபாய் நோட்டும் போதும். இருட்டில் நோட்டின் மேல் டார்ச் அடித்தால் வரிசை எண் ஒளிரும். இடையில் லென்ஸைப் பிடித்ததும் அந்த ஒளி அணைந்தால் லென்ஸ் தடுக்கிறது. மலிவாகக் கிடைக்கும் 395 டார்ச் இதற்கு ஆகாது. அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமே நிறைய வருவதால் முடிவு குழம்பிவிடும். 365-ல் தேறிய லென்ஸும் 380-க்கும் 400-க்கும் இடையில் என்ன செய்கிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. சரக்கு மோசமா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

மூன்றாவது சரக்கைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். போலரைஸ்டு என்பது லென்ஸுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய படலம். தண்ணீர், தார்ச்சாலை, முன்னால் போகும் காரின் கூரை ஆகியவற்றில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் பெரும்பகுதி கிடைமட்டமாக அதிரும். படலம் அதை நிறுத்திவிட்டுச் செங்குத்தாக அதிர்வதை மட்டும் விடுகிறது. தண்ணீர் என்றால், சூரியன் ஏறக்குறைய 37 பாகை உயரத்தில் இருக்கும்போது இது மிக நன்றாக வேலை செய்யும். எங்கள் ஊரில் காலை எட்டரை, ஒன்பது மணிவாக்கில். சூரியன் எழுந்த கையோடு உப்பளத்தில் படுக்கையாக வரும் பளபளப்பு அவ்வளவாக அடங்காது. நேரே முகத்தில் அடிக்கும் சூரியனுக்கும் படலத்தால் தனிப் பயன் இல்லை, நிறம் குறைப்பதுதான்.

பவர் கண்ணாடியில் இந்தப் படலத்தை வைக்கும்போதுதான் கோளாறு வரும். திருச்செந்தூர் சாலையில் பள்ளி வேன் ஓட்டும் ஒரு தம்பி, புதுக் கண்ணாடி வாங்கிய மூன்றாம் நாள் திரும்பி வந்தார். “இடது கண்ணில் மட்டும் ரோடு மின்னுகிறது அண்ணாச்சி, தலை வலிக்கிறது” என்றார். பவர் அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் பவர் அச்சு அசலாகச் சரி. சீட்டில் இடது கண்ணுக்குச் சிலிண்டர் பவர், ஆக்சிஸ் 60 என்று இருந்தது, கண்ணாடியிலும் 60. சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர், அது எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பதைச் சொல்வது ஆக்சிஸ். வாசலில் நின்ற காரின் பானெட்டைப் பார்க்கச் சொல்லி ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னேன். வலது கண்ணில் பளபளப்பு இல்லை. இடது கண்ணில் இருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்ததும் அது மறைந்து, வலது கண்ணில் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். சாதாரண லென்ஸ் என்றால் சிலிண்டர் எந்தப் பக்கம் இருந்தாலும் வெட்டுகிறவர் லென்ஸைச் சுழற்றி ஆக்சிஸுக்குக் கொண்டுவந்து பொருத்திவிடலாம். போலரைஸ்டு லென்ஸில் அந்தச் சலுகை கிடையாது. படலம் கிடக்கும் திசை ஏற்கெனவே முடிவானது. அதைக் கிடைமட்டத்துக்கு வைத்துக்கொண்டு, அதை ஒட்டி 60-ல் சிலிண்டரைப் பட்டறையில் தேய்த்துத் தர வேண்டும். பட்டறையில் 90-ல் தேய்த்து அனுப்பிவிட்டார்கள். ஆக்சிஸ் பொருந்தவில்லையே என்று பழக்கதோஷத்தில் லென்ஸை 30 பாகை சுழற்றிப் பொருத்தியது நான்தான். பவர் 60-க்கு வந்துவிட்டது, கூடவே படலமும் 30 பாகை சாய்ந்துவிட்டது. படலம் 10 பாகை சாய்ந்தால் அடைபட வேண்டிய பளபளப்பில் மூன்று சதவீதம்தான் கசியும், யாருக்கும் தெரியாது. 30 பாகையில் கால் பங்கு உள்ளே வரும். ஒரு கண்ணில் இருட்டு, மறு கண்ணில் மினுக்கம் என்றால் மூளை எதை நம்பும்? லென்ஸை மாற்றிக் கொடுத்தோம். அன்றிலிருந்து போலரைஸ்டு பவர் கண்ணாடி எதையும், ஆள் பானெட்டைப் பார்த்து இரண்டு கண்ணையும் மாறி மாறி மூடிக் காட்டாமல் நான் கொடுத்ததில்லை. லென்ஸ்மீட்டர் இந்தத் தவறைக் காட்டாது என்பதால் வாங்குகிறவர்களே இதைச் செய்து பார்ப்பது நல்லது.

வேன், கார், லாரி ஓட்டுபவர்களுக்குப் போலரைஸ்டை நான் தயங்காமல் சொல்வேன். பைக் ஓட்டுபவர்களுக்கு அவ்வளவு துணிவாகச் சொல்ல மாட்டேன். வளைவில் சிந்திக் கிடக்கும் டீசலையும், தார் மேல் படர்ந்த தண்ணீரையும் நாம் தூரத்திலேயே கண்டுகொள்வது அந்த மினுக்கத்தால்தான். நான்கு சக்கரத்துக்கு அது வெறும் எரிச்சல், இரண்டு சக்கரத்துக்கு எச்சரிக்கை. ஹெல்மெட்டின் முகமூடி பிளாஸ்டிக்கில் உள்ள இறுக்கம், படலம் வழியாகப் பார்த்தால் வானவில் திட்டுகளாகத் தெரியும். சில வண்டிகளின் எண் திரையும் கைப்பேசி வரைபடமும் ஒரு கோணத்தில் கறுத்துப்போகும். என் கணக்கில் பைக்காரருக்கு வகை 2 அல்லது 3-ல் பழுப்பு நிறம், போலரைஸ்டு இல்லாமல், யுவி 400, பக்கவாட்டில் வளைந்து மூடும் ஃபிரேம். பக்கத்திலிருந்து வரும் கதிர் கருவிழியின் வழியாகக் குவிந்து மூக்குப் பக்கம் விழுகிறது. கண்ணில் சதை வளர்வதும் பெரும்பாலும் அந்த மூலையில்தான். தட்டையான ஃபிரேமில் எத்தனை நல்ல லென்ஸ் போட்டாலும் பக்க வாசல் திறந்தே கிடக்கும். வளைந்த ஃபிரேமில் அதிகப் பவர் போட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் காருக்குள் கறுக்கவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். அதைக் கறுக்க வைப்பது புற ஊதா. முன்கண்ணாடியின் இரு அடுக்குக்கு நடுவே உள்ள படலம் அதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவதால் லென்ஸுக்குச் சேதியே போவதில்லை. பைக்கில் முகமூடியை இறக்கினாலும் அதே கதை. கார்ப் பக்கக் கண்ணாடியில் அந்த அடுக்கு பொதுவாக இராது. யுவி-ஏ ஓரளவு வரும், வலது கைப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் நமக்கு வலது கண்ணோரம்.

இரவு ஓட்ட மஞ்சள் போலரைஸ்டு கண்ணாடி என்று விற்கிறார்கள். எதிர் வண்டியின் விளக்கு நேராக வரும் ஒளி, அதில் படலம் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. இருக்கிற வெளிச்சத்தில் பாதியைக் குறைத்துவிட்டு, இருட்டில் சைக்கிளில் வருகிறவரை நம்மிடமிருந்து மறைக்கும். 75 சதவீதத்துக்குக் குறைவாக ஒளி விடும் எதையும் பொழுது சாய்ந்தபின் போட்டு ஓட்டக் கூடாது என்பது தர விதியிலேயே இருக்கிறது. உங்கள் அடுத்த இதழில் குறிப்பைத் திருத்தி வெளியிட்டால், மஞ்சள் கண்ணாடி விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்ணாடிக் கடைப் பணியாளர்,
தூத்துக்குடி.